இருபது ரூபாய் பாக்கி: கதை உருவான கதை

சரவணனும் பவித்ராவும் முதல்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். சந்தித்த கையோடு மழை வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. இரண்டு பேரும் ஓடிப்போய் ஒரு டீக்கடையில் ஒதுங்குகிறார்கள். அடுத்த இதழில் வரப்போகிற என் சிறுகதை மொத்தமே இவ்வளவுதான். எழுதி அனுப்பியாகிவிட்டது, ஆனால் எனக்குள் இன்னும் குதூகலம் அடங்கவில்லை! அதனால் கதை அச்சேறும் முன்பே உங்களை அதன் பின்கட்டுக்குக் கூட்டிப்போகிறேன். முடிவையும் சொல்லிவிடுவேன். தெரிந்துகொண்டு படித்தாலும் கெட்டுப்போகாத முடிவு அது.

இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது ஒரு டேட்டிங் ஆப். அவள் படத்தை அவனும் அவன் படத்தை அவளும் வலப்பக்கம் தள்ளினால்தான் பேசவே வழி திறக்கும். திறந்தது. மூன்று வாரம் சாட் ஓடுகிறது. பிடித்த படம், பிடிக்காத காய்கறி, எடுத்ததிலேயே நல்ல போட்டோ என்று பொறுக்கி எடுத்ததை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டியிருக்கிறார்கள். செப்டம்பர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே சந்திப்பது என்று பேச்சு. கொஞ்சம் நடை, அப்புறம் ஏழு மணிக்கு ஒரு மொட்டைமாடி ரெஸ்டாரண்ட்டில் அவன் டேபிள் சொல்லிவைத்திருக்கிறான். நீலச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டிருக்கிறான். அவள் போட்டிருப்பது அன்றுதான் பிரித்த புதுச் செருப்பு. இந்த ஏற்பாடு அத்தனையையும் மழை பிடுங்கிக்கொண்ட பிறகு இரண்டு பேரிடமும் என்ன மிச்சம் இருக்கும் என்று பார்க்கத்தான் நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வேலை, மழையைத் தேர்ந்தெடுப்பது. சென்னை மழை என்றதும் நவம்பர் என்றுதான் கை போகும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிற ஊர் இது. ஆனால் வடகிழக்குப் பருவமழை எனக்கு உதவாது. கடலிலிருந்து வரிசை வரிசையாக ஏறிவரும் அந்த மேகங்கள் பெரும்பாலும் ராத்திரியில் தொடங்கி விடியற்காலையில்தான் வெளுத்துவாங்கும். போதாக்குறைக்கு முதல் நாளே செய்தியில் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் இவர்கள் சந்திப்பையே தள்ளிவைத்துவிடுவார்களே! எனக்கு வேண்டியது பகலெல்லாம் பளிச்சென்று காய்ந்துவிட்டு சாயங்காலம் சரியாக ஆளைப் பார்த்து இறங்குகிற மழை. அது ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்து இடிமழை.

அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். மதியத்துக்கு மேல் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் காய்ந்த தரையிலிருந்து சூடு கிளம்பி, மேகம் கோபுரமாக எழும்புகிறது. அந்தப் பருவத்தில் உயரத்தில் மேற்குக் காற்று வீசுவதால் மேகம் கிழக்கே, நம் பக்கம் தள்ளப்படுகிறது. எதிரே உள்ளே வருகிற ஈரமான கடற்காற்றோடு மோதும் இடத்தில் அதற்கு இன்னும் வீரியம் ஏறும். நாலு மணிக்குக் காஞ்சிபுரத்துக்கு மேல் நிற்கிற மேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஆறு மணி வாக்கில் பெசன்ட் நகருக்கு வந்து சேரும். வானிலைத் துறையின் சென்னை ரேடார் படத்தை அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த நிறத்திட்டு நகர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும்.

இதில் எனக்குக் கிடைத்த புதையல் என்ன தெரியுமா? பீச்சில் நிற்கிறவர்கள் கடலைப் பார்த்து நிற்பார்கள். கடல் கிழக்கே. மழை வருவது மேற்கிலிருந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து! என் ஆட்கள் இரண்டு பேரும் வெள்ளையாக மின்னுகிற தொடுவானத்தைப் பார்த்து "கிளைமேட் சூப்பரா இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வானம் கறுத்துவிட்டது. அவர்களுக்கு முதலில் தெரிவது இருட்டு இல்லை, காற்று. அதுவரை முகத்தில் அடித்த கடற்காற்று சட்டென்று நின்றுபோகும். ஒரு நிமிடம் புழுக்கம். அப்புறம் முதுகுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று மண்ணையும் குப்பையையும் அள்ளிக்கொண்டு வரும். மழை பெய்யும் மேகத்திலிருந்து கீழே இறங்கி முன்னால் ஓடிவருகிற காற்று அது. பின்னால் பறந்துகொண்டிருந்த பவித்ராவின் முடி அப்படியே முன்னால் வந்து முகத்தை மூடுகிறது. கதையின் முதல் திருப்பம் அந்த முடிதான். இதை எழுதிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஷ்மிட் நினைவுச் சின்னம் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்கும் காரணம் உண்டு. 1930 டிசம்பரில் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிரை விட்ட டென்மார்க் நாட்டுக்காரருக்காகக் கட்டியது அது. கதையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பின்னால் ஒரு போன் வரும். அப்போது இந்த இடம் ஞாபகத்துக்கு வருகிறவர்களுக்கு வரட்டும் என்று வைத்தேன்.

சரி, ஓடிப்போய் டீக்கடையில் ஒதுங்கியாகிவிட்டது. இங்கேதான் கதையின் உண்மையான சிக்கல். இப்படிப்பட்ட இடிமழை முக்கால் மணி, ஒரு மணி நேரம் அடிக்கும். ஒரு கிளாஸ் டீ ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். மீதி நேரம் அவர்கள் என்ன செய்வார்கள்? காபி ஷாப் என்றால் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மெனு கார்டைப் புரட்டலாம். டீக்கடையில் உட்காரவே இடமில்லை. தார்ப்பாய்க்குக் கீழே எட்டு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள்; எதைப் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும். பக்கத்தில் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துத்தான் பேச முடியும். எனக்கு இது வசதியாகப் போயிற்று! முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற இரண்டு பேர், ஒரே திசையில் மழையைப் பார்த்துக்கொண்டு சாட்டில் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். இடையிடையே தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழும்போது கடைப்பையன் கம்பால் முட்டிக் கவிழ்ப்பான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஓரத்தில் அருவி மாதிரி கொட்டும். எல்லோரும் ஒரு அடி உள்ளே நகர்வார்கள். அந்த ஒரு அடியை நான் மூன்று தடவை பயன்படுத்தியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

டீ போடுவதைப் பார்க்க ஒரு கடையில் மாஸ்டருக்குப் பக்கத்திலேயே நின்றேன். பாய்லரில் தண்ணீர் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதன் சூட்டிலேயே பால் பாத்திரம். நீண்ட துணி வடிகட்டிக்குள் டஸ்ட் டீத்தூள். அதன் மேல் வெந்நீரை ஊற்றி, இறங்கிய டிகாஷனை மறுபடி எடுத்துத் தூள் மேலேயே ஊற்றுகிறார். கிளாஸில் சர்க்கரை, டிகாஷன், பால், அப்புறம் கை உயரத்துக்கு ஒரு ஆத்து. மழையில் குடிக்கிற டீ மட்டும் ஏன் அவ்வளவு ருசிக்கிறது என்று கேட்டேன். குளிருக்கு நாக்கு ஏங்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்தால், அவர் டிகாஷனைக் காட்டினார். கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் வடித்த டிகாஷன் சூட்டிலேயே கிடந்து கசப்பும் துவர்ப்பும் ஏறிவிடும்; பால் விட்டால் செம்மை வராமல் மங்கிய நிறத்தில் நிற்கும். மழை வந்தால் கூட்டம் கூடும், வடித்தது வடித்தபடி போய்க்கொண்டே இருக்கும், கிடந்து கெட நேரமே இல்லை. ஆனால் கூட்டம் இன்னும் ஏறினால் அதே தூளில் தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும், டீ வெளுத்துவிடும். புதுத்தூள் எப்போது போடுவது என்று பார்த்துப் போடுகிறவர்தான் நல்ல மாஸ்டர்.

அப்படியே கதைக்குள் தூக்கிவந்துவிட்டேன். முதல் ரவுண்டு டீ செக்கச்செவேலென்று வருகிறது. இரண்டாவது ரவுண்டு கொஞ்சம் வெளுப்பு. பவித்ரா கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் குடிக்கிறாள். சரவணன்தான் மெதுவாக, "மாஸ்டர், அடுத்தது தூள் மாத்திட்டுக் குடுங்க, அவசரம் இல்ல" என்கிறான். மூன்றாவது ரவுண்டுக்கு இரண்டு பேரும் காத்திருக்கப் போகிறார்கள் என்பது பவித்ராவுக்கு அந்த வாக்கியத்தில்தான் தெரியவருகிறது. அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டான், அவளும் மறுக்கவில்லை.

கிளாஸைப் பிடிப்பதையும் கவனித்துப் பார்த்தேன். சூடு தாங்காதவர்கள் மேல் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடிப்பார்கள், இல்லையென்றால் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொள்வார்கள். பவித்ரா துப்பட்டாவைச் சுற்றுகிறாள். சரவணன் கிளாஸின் வயிற்றையே முழுக்கையால் பிடித்திருக்கிறான். அவன் உள்ளங்கையில் காய்ப்பு. ஆப்பில் போட்டிருந்த வேலை 'சர்வீஸ் இன்ஜினியர்'. இந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அவள் கேட்கிறாள், "நிஜமா என்ன வேலை பாக்கறீங்க?" லிஃப்ட் மெக்கானிக்.

அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். இந்த இரண்டு வேலைகளையும் நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது கரண்ட் போகிற இடத்தில் புரியும். பெரிய இடி ஒன்று விழுந்து தெருவே இருண்டுபோகிறது. கடையில் எல்லோரும் "ஓ" என்று கத்துகிறார்கள். பவித்ராவின் வலது கை மட்டும் தானாக முன்னால் போய்க் காற்றில் எதையோ பிடிக்கிறது. சரவணன் பார்த்துவிட்டான். அவள் வெட்கத்தோடு விளக்குகிறாள்: "டயாலிசிஸ் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா மெஷின்ல பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் நின்னுட்டா பம்புல கைப்பிடி போட்டு நாங்களே சுத்தி, வெளிய இருக்கிற ரத்தத்தை பேஷண்ட் உடம்புக்குள்ள திருப்பி விடணும். விட்டா குழாய்க்குள்ளயே உறைஞ்சிடும். அதான் கை போயிடுச்சு." விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். கேட்டவுடன் எனக்கு இந்தப் பெண் யார் என்று முழுசாகத் தெரிந்துவிட்டது. மூன்று வார சாட்டில் வராத பவித்ரா அந்தக் கையில் வந்துவிட்டாள்.

இனி அந்த போன். வேளச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிடுகிறார். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்குகிறதாம். லிஃப்ட் ஓடுகிற குழியின் அடியில் கிட்டத்தட்ட ஒரு ஆள் மார்பளவுக்குப் பள்ளம் இருக்கும். மெக்கானிக்குகள் 'பிட்' என்பார்கள். உள்ளே ஸ்விட்ச்சும் ஒயரும் கீழே தாங்குகிற ஸ்பிரிங்கும் இருக்கின்றன. தண்ணீரில் லிஃப்ட் இறங்கினால் மோசம், உள்ளே யாராவது இருந்தால் அதைவிட மோசம். கதையில் இந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் போட்டிருக்கிறேன்:

"அண்ணே, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உள்ள யாரும் இல்லையே?"

"தெரியல தம்பி."

"நான் லைன்லயே இருக்கேன். கதவைத் தட்டிக் குரல் குடுங்க. ஒவ்வொரு மாடிலயும் கேளுங்க."

மழைச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறான். யாரும் இல்லை என்று பதில் வருகிறது.

"சரிண்ணே, நல்லது. இப்ப லிஃப்ட்டை மூணாவது மாடிக்குக் கூப்பிட்டு நிறுத்துங்க. நீங்க உள்ள ஏற வேணாம், வெளிய நின்னு பட்டனை அமுக்குங்க, போதும். நின்னதும் மொட்டைமாடி மெஷின் ரூம்ல மெயினை ஆஃப் பண்ணிடுங்க. கை ஈரமா இருந்தா துடைச்சிட்டு, செருப்புப் போட்டுட்டுப் போங்க. கீழ ஒரு போர்டு மாட்டிடுங்க, யாரும் பட்டன்ல கை வைக்கக் கூடாது. தண்ணி வடிஞ்சதும் நான் வந்து பிட்டைப் பாக்குறேன். அதுவரைக்கும் யார் சொன்னாலும் போடாதீங்க. கேட்டா என் பேரைச் சொல்லுங்கண்ணே."

எனக்கு இதைவிடப் பெரிய காதல் வசனம் எழுதத் தெரியாது! மெஷின் பாழாகப் போகிற நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது. இரண்டாவது, பயந்துபோன வாட்ச்மேனை அவன் நடத்தின விதம். ஒரு அதட்டல் இல்லை, பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். பக்கத்தில் நின்ற பவித்ராவுக்கு இது அவளுடைய வார்டு பாஷை. அவளும் தினமும் இப்படித்தான் பேசுகிறாள்: ஒரு வேலை, அது முடிந்ததா, அடுத்த வேலை. அவள் அவனைப் பற்றி முடிவெடுத்தது இங்கேதான். ஆனால் கதையில் அவள் அதைச் சொல்வதில்லை. அவன் போனை வைத்ததும், "டீ ஆறிடுச்சு, மாஸ்டர் கிட்ட சூடா வேற சொல்லவா?" என்று மட்டும் கேட்கிறாள்.

அந்த மூன்றாவது ரவுண்டு குடித்து முடிக்கும்போது மழை தூறலாகிவிடுகிறது. காசு கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு நான் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். டீ 15 ரூபாய், ஆறு டீ 90. ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி, பத்துப் பத்தாக 20. குடிக்காமல் ஆறிப்போன டீயும் கணக்கில் சேர்த்தி! மொத்தம் 110. சரவணன் போனை எடுத்து ஸ்கேன் பண்ணப் பார்க்கிறான். ஈர விரலுக்கு ஸ்கிரீன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போதாததற்கு, காசு வந்ததைச் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி சார்ஜ் தீர்ந்து ஊமையாகக் கிடக்கிறது. இத்தனை கூட்டத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் பார்க்க மாஸ்டருக்கு ஏது நேரம்? "சத்தம் வரலைன்னா கையில குடுத்துடுங்கப்பா."

பவித்ராவிடம் ஒரு நூறும், ஒரு முப்பதும். மூன்று பத்து ரூபாய் நோட்டும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்தால் கிழிந்துவிடும். அப்படியே சேர்த்து 130 கொடுத்துவிடுகிறாள். மாஸ்டர் கல்லாவைத் துழாவுகிறார். அன்றைக்கு எல்லோரும் நோட்டாகவே நீட்டியதில் சில்லறை சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. "இருபது ரூபா பாக்கிம்மா. நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

இரண்டாவது சந்திப்புக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போனது பாருங்கள்! ஆசிரியர் குழுவில் ஒருவர், அந்த இருபதுக்கு பிஸ்கட் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமே, அப்படித்தானே கடைகளில் செய்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆறரை மணிக்கே பிஸ்கட் பாட்டில் காலியாகிவிட்டது என்று முன்னாலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன். கூட்டம் அவ்வளவு இருந்ததே, பிஸ்கட் எங்கே மிஞ்சும்?

ஓவியருக்கு ஒரு குடை வேண்டும் என்று ஒரே ஆசை. மழை, காதல் என்றால் குடை இல்லாமல் எப்படி என்று கேட்டார். குடை இருந்தால் அவர்கள் டீக்கடைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று கெஞ்சி, தார்ப்பாய்க்கு அவரைச் சம்மதிக்கவைத்தேன். கூடவே சரவணனின் முழுக்கைப் பிடியையும் பவித்ராவின் துப்பட்டா நுனியையும் மறக்காமல் வரையச் சொல்லியிருக்கிறேன். இனி கடைசி வரி. அச்சுக்குப் போகும் பக்கத்தில் அது இப்படி இருக்கிறது:

"இருபதுல பத்து எனக்கு," என்றான் சரவணன்.

"காசு குடுத்தது நான்."

"தூள் மாத்தச் சொன்னது நானு."

"நாளைக்கு எனக்கு காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட். ரெண்டு மணிக்குத்தான் முடியும்."

"அந்தப் பிட்டுத் தண்ணி வடிய எனக்கும் அவ்வளவு நேரம் ஆகும்," என்றான்.